கல்யாண வரவேற்பில் எந்தப் பாட்டு, எந்த நேரத்தில்?

தமிழ்நாட்டில் கல்யாண வரவேற்பு பெரும்பாலும் மாலை ஆறரைக்குத் தொடங்கி இரவு பத்து மணிக்குள் முடிகிறது. மணமக்கள் மேடையில் நிற்கிறார்கள். உறவுகள் வரிசையில் வந்து வாழ்த்திப் படம் எடுத்துக்கொண்டு பந்திக்குப் போகிறார்கள். இந்த மூன்றரை மணி நேரமும் மண்டபத்தில் பாட்டு ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் எண்பதைத் தொட்ட தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள், ஐம்பதுகளில் இருக்கும் பெற்றோர், அவர்களின் தம்பி தங்கைகள், மணமக்களின் கல்லூரி நண்பர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் பிடிக்கும்படி ஒரு பாட்டு வரிசையை அமைக்க முடியுமா என்ற கேள்வி ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் எழுகிறது. முடியும் என்பதே என் பதில். அதற்கு இன்று வழக்கத்தில் உள்ள முறைகள் எங்கே தவறுகின்றன, நம் இசை நினைவு எப்படி அமைகிறது, மாலையின் நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

இன்று வழக்கத்தில் உள்ள முறைகள்

முதல் முறை, பாடலே இல்லாத வாத்திய இசை. நாதஸ்வரம், வயலின், புல்லாங்குழல், கீபோர்டு என்று ஏதோ ஒன்றில் சினிமாப் பாட்டின் மெட்டை வாசிப்பார்கள். இதனால் யாருக்கும் இடைஞ்சல் கிடையாது, பேச்சும் தடைபடாது. ஆனால் மூன்றரை மணி நேரமும் இதுவே ஓடினால் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு யார் காதிலும் ஏறுவதில்லை. ஆட வந்த இளைஞர்கள் ஏமாந்து போகிறார்கள்.

இரண்டாவது, மணமக்களின் நண்பர்களிடமோ டிஜேயிடமோ முழுப் பொறுப்பையும் விட்டுவிடுவது. அப்போது முதல் பாட்டிலிருந்தே கடந்த பத்தாண்டுக் குத்துப் பாட்டுகள் உரத்து ஒலிக்கும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவார்கள். மண்டபத்தின் நடுவரிசை நாற்காலிகள் எட்டு மணிக்கே காலியாகும்.

மூன்றாவது, சமப் பங்கீடு. ஒரு பழைய பாட்டு, ஒரு எண்பதுகளின் பாட்டு, ஒரு புதுப் பாட்டு என்று மாறி மாறிப் போடுவது. காகிதத்தில் நியாயமாகத் தோன்றும் இந்த முறைதான் நடைமுறையில் அதிகம் தோற்கிறது. ஒரு தலைமுறைக்குப் பிடித்த பாட்டு முடிந்ததும் அவர்கள் அடுத்த பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆடத் தொடங்கிய கால் அடுத்த மெல்லிசையில் நின்றுவிடும். எந்த மனநிலையும் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை.

நான்காவது, மெல்லிசைக் குழு. நல்ல குழுவின் தலைவர் கூட்டத்தைப் பார்த்துப் பாட்டை மாற்றுவார். இது மற்ற முறைகளுக்கு இல்லாத பலம். ஆனால் பல குழுக்கள் பழைய பாட்டுகளுக்கென்று ஒதுக்கும் நேரம் இரவு ஒன்பதுக்கு மேல் வருகிறது. அதற்குள் அந்தப் பாட்டுகளுக்கு உரியவர்கள் சாப்பிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

நான்கிலும் ஒரே குறைதான் தெரிகிறது. எந்தப் பாட்டு என்று யோசிக்கிறோம். அந்தப் பாட்டு ஒலிக்கும் நேரத்தில் அதைக் கேட்க வேண்டியவர் மண்டபத்தில் இருக்கிறாரா என்று யோசிப்பதில்லை.

எந்த வயதின் பாட்டு மனதில் தங்குகிறது?

இசை விருப்பத்தையும் வயதையும் இணைத்துப் பார்த்த ஆய்வுகள் நமக்கு உதவுகின்றன. அமெரிக்க ஆய்வாளர்கள் ஹோல்புரூக்கும் ஷிண்ட்லரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் தங்கள் இருபதுகளின் தொடக்கத்தில் வெளிவந்த பாட்டுகளை அதிகம் விரும்பினார்கள். உச்சம் ஏறத்தாழ 24 வயதில் இருந்தது. அந்த எண் எல்லா இடத்திலும் அப்படியே பொருந்துவதில்லை. ஆனாலும் பதின்ம வயதிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை கேட்ட பாட்டுகள் வாழ்நாள் முழுதும் ஆழமாகத் தங்குகின்றன என்ற போக்கைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நமக்கு இதைவிடப் பயன்படுவது கரோல் கிரம்ஹான்ஸலும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு. இருபது வயதையொட்டிய கல்லூரி மாணவர்களுக்கு ஐம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்தின் புகழ்பெற்ற பாட்டுகளைக் கேட்கச் செய்து, எவை நினைவுகளைத் தூண்டுகின்றன என்று பார்த்தார்கள். மாணவர்களின் சொந்தக் காலத்துப் பாட்டுகள் நினைவைத் தூண்டியதில் வியப்பில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்பே, அவர்களின் பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்தில் வந்த பாட்டுகளுக்கும் தனி ஏற்றம் தெரிந்தது. வீட்டில் ஒலித்த பாட்டு பிள்ளைக்கும் சொத்தாகிறது.

தமிழ் வீடுகளில் இதற்குப் புதிதாகச் சான்று தேட வேண்டியதில்லை. 1998-இல் பிறந்த பெண்ணுக்கு இளையராஜா பாட்டுகள் மனப்பாடமாகத் தெரிகின்றன என்றால் அப்பாவின் காரும் அம்மாவின் சமையலறை வானொலியும் அதற்குக் காரணம். தாத்தாவின் பாட்டு பேத்திக்கு நேராக வந்து சேர்வது அரிது. இடையில் இருக்கும் பெற்றோர் வழியாகத்தான் அது வருகிறது. ஆகவே பாட்டு வரிசையை முதல் தலைமுறையிலிருந்து மூன்றாம் தலைமுறைக்கு ஒரே தாவலில் கொண்டுபோக முடியாது. நடுத் தலைமுறையின் பாட்டுகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இரு தலைமுறைக்கும் பொதுவான பாட்டுகள்

இரண்டு தலைமுறையும் தமக்குச் சொந்தம் என்று நினைக்கும் பாட்டுகள் உண்டு. அவற்றை இணைப்புப் பாட்டுகள் என்று இங்கே அழைக்கிறேன். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு மாறும்போது இவைதான் கைகொடுக்கும். மூன்று வகையில் இவற்றைத் தேடலாம்.

முதல் வகை, மறு உருவம் பெற்றவை. ‘தொட்டால் பூ மலரும்’ 1964-இல் ‘படகோட்டி’யில் வந்தது, 2004-இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘நியூ’வில் மீண்டும் வந்தது. ‘பொன்மகள் வந்தாள்’ 1970-இல் ‘சொர்க்கம்’ படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடியது, 2007-இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்தில் புது வடிவம் எடுத்தது. இவற்றில் மூலப் பதிவையே முதலில் போடுவது நல்லது. பெரியவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள், இளையவர்களுக்கும் மெட்டு தெரிந்திருக்கும். முதலில் ரீமிக்ஸைப் போட்டால் பெரியவர்களின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

இரண்டாவது வகை, புதுப் படங்கள் மீட்டெடுத்தவை. 1991-இல் ‘குணா’வுக்காக இளையராஜா இசையமைத்த ‘கண்மணி அன்போடு’ பாட்டை 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் பதின்ம வயதினரிடம் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டில் ‘லப்பர் பந்து’ வந்தபின், 1989-இல் ‘பொன்மனச் செல்வன்’ படத்தில் வந்த ‘பொட்டு வச்ச தங்கக் குடம்’ ஊர்தோறும் மறுபடியும் ஒலித்தது. ஐம்பத்தைந்து வயது மாமாவும் பதினைந்து வயதுப் பிள்ளையும் சேர்ந்து பாட இப்படிப்பட்ட பாட்டுகள் இப்போது நிறைய இருக்கின்றன. இந்த வகைக்கு ஆயுள் குறைவு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். எந்தப் படம் எந்தப் பாட்டை மீட்டது என்பது ஆண்டுதோறும் மாறும். கல்யாணத்துக்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் பரவியவற்றை வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது வகை, ஒரே பாட்டுக்குள் பல சுவை கொண்டவை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1991-இல் வந்த ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. துள்ளலான ஆட்டப் பாட்டாகத் தொடங்கி நடுவில் அப்பர் தேவாரத்துக்குத் திரும்பி மறுபடியும் ஆட்டத்துக்கு வருகிறது. பிபிசி உலக சேவை 2002-இல் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் பத்துப் பாட்டுகளில் நான்காவதாக இது வந்தது. பாட்டி கைகூப்பும் இடமும் பேரன் குதிக்கும் இடமும் ஒரே பாட்டில் இருப்பதால், மெல்லிசையிலிருந்து ஆட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் இதை வைக்கலாம்.

மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வேறு மொழி பேசுபவர்கள் என்றால் தொண்ணூறுகளின் ரஹ்மான் பாட்டுகள் உதவும். ‘ரோஜா’, ‘காதலன்’ போன்ற படங்களின் பாட்டுகள் தெலுங்கிலும் இந்தியிலும் வந்தவை. எந்த மொழிப் பதிவைப் போட்டாலும் இரு வீட்டாருக்கும் மெட்டு தெரியும்.

விடுபட்டுப் போகிறவர்கள்

பட்டியல் போடும் வீடுகளில் தாத்தா காலம், இளையராஜா காலம், இன்றைய காலம் என்று மூன்று கட்டம் கட்டுவார்கள். இதில் நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் சித்தப்பா, அத்தை, அலுவலக நண்பர்கள் விடுபட்டுப் போகிறார்கள். 1978-இல் பிறந்தவர் தன் பதினைந்து முதல் இருபத்தைந்து வயது வரை கேட்டது 1993 முதல் 2003 வரை வந்த பாட்டுகள். கல்யாண வேலையை ஓடியாடிச் செய்பவர்களும், கூச்சமில்லாமல் ஆடத் தயாராக இருப்பவர்களும் பெரும்பாலும் இந்த வயதினர்தான். 1993-இன் ‘சிக்கு புக்கு ரயிலே’யிலிருந்து 2004-இல் ‘கில்லி’யில் வித்யாசாகர் இசையமைத்த ‘அப்படிப் போடு’ வரை உள்ள பத்தாண்டை விட்டுவிட்டால் ஆடுகளத்துக்குக் கூட்டம் சேராது. இளைஞர்களுக்கும் இந்தப் பாட்டுகள் தெரியும். பெரியவர்களுக்கும் தொலைக்காட்சி வழியாகப் பழகியவை.

மெட்டை மட்டும் கேட்டு ஏமாறக் கூடாது

நம் சினிமாப் பாட்டு கதையோடு பிறப்பது. மெட்டு இனிமையாக இருந்தாலும் பாட்டு நிற்கும் இடம் கல்யாணத்துக்கு ஒவ்வாததாக இருக்கலாம். இதில் அதிகம் தவறு நேர்வது ‘கல்யாண மாலை’ பாட்டில். 1989-இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘புதுப் புது அர்த்தங்கள்’ படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. தொடக்கச் சொற்களைப் பார்த்துப் பலரும் இதை வரவேற்பில் போடுகிறார்கள். ஆனால் படத்தில் அது, சந்தேகமும் உடைமை உணர்வும் மிகுந்த மனைவியோடு நிம்மதியில்லாமல் வாழும் பாடகன் தன் ஏக்கத்தைச் சொல்லும் பாட்டு. முழுச் சொற்களையும் கேட்டால் அது மணமேடைக்கு உரியது அல்ல என்று தெரியும். 1986-இன் ‘மௌன ராகம்’ படத்தில் வரும் ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ பாட்டும் அப்படித்தான். கணவனை ஏற்க முடியாமல் மனைவி விலகி நிற்கும் நிலையில் அது வருகிறது. 2011-இல் வெளியாகி உலகமெங்கும் பரவிய ‘ஒய் திஸ் கொலவெறி’ காதலில் தோற்றவன் பாடுவது.

இவற்றை வீட்டில் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மணமக்கள் மேடையில் நிற்கும்போது அவையில் யாராவது ஒருவர் அந்தச் சொற்களைக் கவனிப்பார். பெரியவர்கள் சொற்களைத்தான் முதலில் கேட்பார்கள். அதனால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாட்டின் சரணங்களையும் ஒருவர் முழுதாக வாசித்துப் பார்க்க வேண்டும். பிரிவு, சாவு, துரோகம், குடி, பெண்ணை இழிவு செய்யும் சொல் ஆகியவை இருந்தால் நீக்கிவிடலாம். குத்துப் பாட்டுகளில் இந்தக் கடைசி இரண்டும் அதிகம் தென்படும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை.

வீட்டாரிடம் விருப்பம் கேட்கும் முறையிலும் இது தொடர்பான ஒரு சிக்கல் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டால், மனிதர்கள் தனிமையில் கேட்டு உருகும் பாட்டைத்தான் சொல்வார்கள். அது பெரும்பாலும் சோகப் பாட்டாக இருக்கும். உங்கள் கல்யாணத்தின்போது ஊரெல்லாம் ஒலித்த பாட்டு எது, நீங்கள் எந்தப் பாட்டுக்கு எழுந்து ஆடுவீர்கள் என்று கேட்டால் பயன்படும் பதில் கிடைக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் இரு வீட்டிலிருந்தும் இரண்டு பேரிடம் ஆளுக்கு ஐந்து பாட்டு கேட்டாலே அடித்தளம் கிடைத்துவிடும். ஒரே பாட்டை இரண்டு தலைமுறையினர் சொன்னால் அது தானாகவே இணைப்புப் பாட்டாகிறது.

ஒலியின் அளவு

பல வரவேற்புகளில் பெரியவர்கள் வெறுப்பது பாட்டை அல்ல, அது ஒலிக்கும் சத்தத்தை. வயதானால் காதில் முதலில் குறைவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன். பேச்சில் மெய்யெழுத்துகளைப் பிரித்து அறிய உதவுவது அந்தச் சுருதிகள்தான். எனவே பின்னணியில் பாட்டு ஓங்கினால் இளைஞர்கள் பேசிச் சமாளிக்கும் இடத்தில் எழுபது வயதினருக்கு எதிரில் இருப்பவர் சொல்வது புரியாது. பல ஆண்டு கழித்துச் சந்திக்கும் உறவினரோடு பேச வந்தவர் எழுந்துபோவது இதனால்தான்.

சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல். பந்தி நேரத்திலும் வாழ்த்து வரிசை ஓடும்போதும் பாட்டு அந்த அளவை ஒட்டி இருக்க வேண்டும். கைபேசியில் உள்ள டெசிபல் செயலி துல்லியமாகக் காட்டாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். கருவியே இல்லாத சோதனையும் உண்டு. நடுவரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்த இருவர் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பார்க்கலாம். ஒருவர் மற்றவரின் காதருகே குனிந்தால் ஒலி அதிகம். ஆட்டம் தொடங்கிய பிறகு ஒலியைக் கூட்டலாம், ஆனால் பாஸ் பெட்டிகளை ஆடுகளத்தை ஒட்டியே வைத்து, பெரியவர்களின் நாற்காலிகளை எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்திவிட வேண்டும். மேடையின் இருபுறமும் மட்டும் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்துக் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று ஒலியை ஏற்றுவது பழைய பழக்கம். அதனால் முன்வரிசையில் உட்கார்ந்த முதியவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அறுபதுகளின் பதிவுகள் பெரும்பாலும் மோனோ, ஒலி அளவும் அடக்கமாக இருக்கும். இன்றைய பாட்டுகள் உச்ச அளவுக்கு அழுத்தி முடிக்கப்பட்டவை. ஒரு அனிருத் பாட்டுக்கு அடுத்து விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டைப் போட்டால் கருவி பழுதாகிவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு அது மெலிந்து கேட்கும். எதிர்த்திசையில் போனால் கூட்டம் திடுக்கிடும். பாட்டு இயக்கும் செயலிகளில் ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி இருக்கிறது, அதை இயக்கிவிட வேண்டும். அதைவிட உறுதியான வழி, ஒரே காலத்துப் பாட்டுகளைச் சேர்த்து வைப்பது. சமப் பங்கீட்டு முறை தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு மாலையை அமைத்துப் பார்ப்போம்

திருச்சியில் ஒரு மண்டபம், நானூறு விருந்தினர், மறுநாள் காலை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். மணப்பெண் 1998-இல் பிறந்தவர், அப்பா 1969, தாத்தா 1947. பதினைந்து முதல் இருபத்தைந்து வயது வரையான கணக்கின்படி தாத்தாவின் பாட்டுக்காலம் 1962 முதல் 1972 வரை, அப்பாவுடையது 1984 முதல் 1994 வரை, பெண்ணுடையது 2013 முதல் 2023 வரை. இடையே சித்தப்பாவின் 1993 முதல் 2003 வரை. மொத்த நேரம் 210 நிமிடம். சினிமாப் பாட்டு சராசரியாக நாலரை நிமிடம் என்றால் ஏறத்தாழ 46 பாட்டுக்கு இடம் உண்டு. அறிவிப்பு, வாழ்த்துரை, மணமக்கள் வருகை ஆகியவற்றுக்குப் போக நாற்பது பாட்டு போதும்.

ஆறரை முதல் ஏழே கால் வரை ஆட்கள் வந்துசேரும் நேரம். வாத்திய இசைக்கு இதுவே உரிய இடம். நேரடி நாதஸ்வரம் இருந்தால் மிக நல்லது. பதிவு என்றால் கல்யாணி, மோகனம், ஹம்சத்வனி போன்ற ராகங்களில் வாசித்தவை. இந்தப் பகுதியின் கடைசியில் 1962-இன் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் சேர்ந்த ‘சிங்கார வேலனே தேவா’ பாட்டை வைத்தால் வாத்தியத்திலிருந்து வாய்ப்பாட்டுக்கு இயல்பாக வந்துவிடலாம்.

ஏழே காலுக்கு மணமக்கள் மேடைக்கு வருகிறார்கள். அந்த ஒரு பாட்டு அவர்களுடைய விருப்பம். அதில் வேறு யாரும் தலையிட வேண்டாம். 2006-இன் ‘முன்பே வா’ போன்ற மெல்லிசை என்றால் எல்லோருக்கும் பொருந்தும். அதன்பின் எட்டே கால் வரை தாத்தா பாட்டிகளின் நேரம். முதிய விருந்தினர் முதல் பந்தியில் சாப்பிட்டு எட்டரைக்குள் கிளம்பிவிடுவார்கள் என்பதால் இந்த மணி நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. 1961-இன் ‘பாசமலர்’ படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ‘வாராய் என் தோழி’ கல்யாண வீட்டுக்கென்றே அமைந்தது. 1964-இன் ‘காதலிக்க நேரமில்லை’ பாட்டுகளில் குறும்பும் இளமையும் உண்டு. பழைய பாட்டு என்றாலே மெதுவானது என்று நினைத்து எல்லாவற்றையும் தாலாட்டுப் போல அடுக்கிவிடக் கூடாது. 1968-இல் ‘குடியிருந்த கோயில்’ படத்தில் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய ‘ஆடலுடன் பாடலைக் கேட்டு’ இன்றும் எந்த வயதினரையும் தாளம் போட வைக்கும். பதினொரு பாட்டு இந்தப் பகுதிக்குப் போதும். கடைசிப் பாட்டு ‘பொன்மகள் வந்தாள்’. அதுவே அடுத்த பகுதிக்கு இணைப்பு.

எட்டே கால் முதல் ஒன்பதே கால் வரை பெற்றோரின் நேரம். இளையராஜாவிலிருந்து தொடங்கி ரஹ்மானுக்கும் தேவாவுக்கும் வித்யாசாகருக்கும் வந்து சேரலாம். பந்தி உச்சத்தில் இருக்கும் நேரம் இது என்பதால் முதல் அரைமணி நேரம் மெல்லிசை டூயட்டுகளாகவும், பிறகு நடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதாகவும் அமைய வேண்டும். 1989-இன் ‘கரகாட்டக்காரன்’ பாட்டுகளுக்கு இங்கே இடம் உண்டு. ஒன்பதே காலுக்கு ‘ராக்கம்மா கையத் தட்டு’ ஒலித்தால் ஆட விரும்புகிறவர்கள் தாமாகவே முன்னால் வருவார்கள்.

அதிலிருந்து ஒன்பது ஐம்பத்தைந்து வரை நாற்பது நிமிடம் ஆட்டம். முதலில் சித்தப்பா காலத்துப் பாட்டுகள், ‘அப்படிப் போடு’ போல. பிறகு 2018-இன் ‘ரௌடி பேபி’, 2021-இன் ‘மாஸ்டர்’ படத்து ‘வாத்தி கமிங்’, 2022-இன் ‘அரபிக்குத்து’ என்று வரலாம். ஒன்பது அல்லது பத்துப் பாட்டு. இந்த நேரத்திலும் மூன்று புதுப் பாட்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் தெரிந்த ஒன்று வந்தால் ஓரத்தில் நிற்கும் அத்தைகளும் களத்தில் இருப்பார்கள். கடைசிப் பாட்டு ஆட்டமாக இல்லாமல், எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய ஒன்றாக இருப்பது நல்லது. மூச்சிரைக்க நிற்பவர்கள் அப்படியே விடைபெற அது வழிவிடும்.

அன்று இரவு கவனிக்க வேண்டியவை

பட்டியல் எவ்வளவு கவனமாகத் தயாரானாலும் நேரம் பிசகும். மணமக்கள் அலங்காரம் முடிந்து அரைமணி நேரம் தாமதமாக வருவது வழக்கமான ஒன்று. அப்போது முதல் பகுதியை நீட்டிக் கடைசிப் பகுதியைச் சுருக்குவதுதான் சரி. தாத்தாக்களின் நேரத்தை வெட்டக் கூடாது, ஏனென்றால் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பாதி அளவுக்கு உபரிப் பாட்டுகள் தயாராக இருந்தால் நீட்டுவதும் குறைப்பதும் எளிது.

ஒரு பாட்டு சரியாகப் போகவில்லை என்பதைக் கண்டுகொள்ள மேடையைப் பார்க்க வேண்டாம், நாற்காலிகளைப் பார்க்க வேண்டும். உதடு அசைகிறதா, கால் தாளம் போடுகிறதா, பேச்சு நடக்கிறதா என்று கவனித்தால் தெரியும். தொடர்ந்து இரண்டு பாட்டுக்குக் கைபேசிகள் வெளியே வந்தால் அடுத்தது இணைப்புப் பாட்டாக இருக்கட்டும். ஆடுகளத்தில் ஒரே வயதினர் வட்டமாக நின்று மற்றவர்கள் விலகிவிட்டாலும் அதே மருந்துதான். இதைச் செய்ய ஒரு ஆள் முழு நேரமும் வேண்டும். இரு வீட்டு மனிதர்களையும் அறிந்த ஒரு மாமா பையனோ அத்தை பெண்ணோ டிஜேயின் அருகில் இருந்தால், துண்டுச் சீட்டு கொண்டுவருபவர்களை எந்தப் பகுதிக்கு அனுப்புவது என்பதும் அவர் கையில் இருக்கும். விருப்பப் பாட்டுகளை மறுக்காமல் அவற்றுக்குரிய நேரத்துக்குத் தள்ளிவைப்பதே அவர் வேலை.

பாட்டுகளை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்க வேண்டும். பல மண்டபங்களின் உள்ளே இணையம் சரியாக எடுப்பதில்லை. கட்டணமில்லாத யூடியூபை நம்பினால் ஆசிர்வாதத்தின் நடுவே விளம்பரம் வரும்.

சட்டம் பற்றியும் இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(za) பிரிவு, திருமண ஊர்வலத்திலும் திருமணத்தை ஒட்டிய சமூகக் கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிப்பதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று மத்திய அரசு 2023 ஜூலையில் அறிவிப்பும் வெளியிட்டது. மண்டபத்தினர் உரிமக் கட்டணம் என்று கேட்டால் இதைச் சுட்டிக்காட்டலாம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மூடிய கூடத்துக்குள் கட்டுப்பாட்டோடு விலக்கு இருந்தாலும், திறந்த வாசல்களும் தெருப்பக்க ஜன்னல்களும் கொண்ட நம் மண்டபங்களில் பத்து மணிக்கு நிறுத்துவதே முறை. மறுநாள் விடியற்காலை எழ வேண்டிய வீட்டாருக்கும் அதுவே நல்லது.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கும் நாற்பது பாட்டுகள் எந்த மொழியிலும் கிடையாது. ஒவ்வொருவரும் மண்டபத்தில் இருக்கும் நேரத்தில் அவருடைய இளமைக்காலப் பாட்டு ஒலிக்க வேண்டும், மற்றவர்கள் பேசிக்கொண்டே அதைக் கேட்கும் அளவில் ஒலி இருக்க வேண்டும், ஒரு தலைமுறையின் நேரம் முடிந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில் இருவருக்கும் தெரிந்த பாட்டு நிற்க வேண்டும். இந்த மூன்றும் நிறைவேறினால் அந்த வரிசை வெற்றி பெறும். உங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தால், டிஜேவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டின் மூத்தவரிடம் போய், அவர் கல்யாணத்தின்போது ஊரில் என்ன பாட்டு ஒலித்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலை அங்கிருந்து தொடங்குங்கள்.